ஏலக்காய் ரேட் மாறுற அன்னைக்கு பேனல்ல என்ன பண்ணணும்: நம்ம குமுளி கடை ஸ்டாஃபுக்கு

நம்ம சைட்ல விலையும் போட்டோவும் மாத்துற இந்த பேனலை எழுதுனது நான்தான், அதனால இதுல எது எங்க கடிக்கும்னு எனக்கு நல்லா தெரியும். போன மாசம் மட்டும் ராத்திரி பத்து மணிக்கு மேல நாலு தடவ போன் வந்துச்சு, "தம்பி, ரேட் மாத்துனேன், மாறவே இல்ல", "அண்ணே, போட்டோ போட்டேன், பழசே நிக்குது"ன்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு பதிலா ஒரே தடவ எழுதி வச்சிடுறேன், கல்லா பக்கத்துல பிரிண்ட் எடுத்து ஒட்டிக்கோங்க.

மிளகு, கிராம்பு, பட்டை எல்லாம் ரேட் அடிக்கடி மாறாது, அதுல பெருசா குழப்பம் வர்றதில்ல. பிரச்சினை எல்லாம் ஏலக்காய்லதான். புற்றடியிலயும் போடியிலயும் ஏலம் முடிஞ்சதும் சேட்டன் வாட்ஸாப்ல ஒரு வரி போடுவாரு, "எட்டு எம்.எம். கிலோ 3,400"ன்னு. அந்த ஒரு வரி நம்ம சைட்ல நாலு பாக்கெட்டோட விலையா மாறணும். அதனால எட்டு எம்.எம். காயையே எடுத்துக்கிட்டு ஆரம்பத்துலேந்து கடைசி வரைக்கும் சொல்றேன், மத்த சரக்குக்கும் இதே வழிதான்.

முதல்ல பேப்பர், அப்புறம்தான் பேனல்

நேரா பேனலைத் திறந்து மனக்கணக்குல அடிக்காதீங்க. ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக்கோங்க. சேட்டன் சொல்றது கடை விலை, கிலோவுக்கு, வரி எல்லாம் சேர்த்து. அதை கிராம் கணக்குல பிரிச்சிட்டு கவர், லேபிள் செலவைக் கூட்டணும். 50 கிராமுக்கு 10 ரூபாய், 100-க்கு 15, 250-க்கு 20, 500-க்கு 30. அப்ப 3,400 ரேட்டுக்கு 50 கிராம் 170-ம் 10-ம் 180, 100 கிராம் 340-ம் 15-ம் 355, 250 கிராம் 850-ம் 20-ம் 870, 500 கிராம் 1,700-ம் 30-ம் 1,730.

எழுதி முடிச்சதும் ஒரே ஒரு சரிபார்ப்பு பண்ணுங்க, ஒரு கிராமுக்கு எவ்வளவு வருதுன்னு. 180-ஐ 50-ஆல வகுத்தா 3.60, அடுத்தது 3.55, அப்புறம் 3.48, கடைசி 3.46. பாக்கெட் பெருசாக பெருசாக இந்த நம்பர் இறங்கிட்டே வரணும், கூடிப்போனா சமமா இருக்கலாம், ஏறவே கூடாது. எங்கயாச்சும் ஏறுதுன்னா கணக்குல தப்புன்னு அர்த்தம். பேனல்ல ஒவ்வொரு விலைக்கும் பக்கத்துல சாம்பல் கலர்ல பொடி எழுத்துல `per g`ன்னு ஒரு நம்பர் வருதுல்ல, யாரும் அதைப் பாக்குறதே இல்ல, அது இதுக்காகத்தான் வச்சது.

பாக்கெட் மேல ஒட்டுன எம்.ஆர்.பி.

அடுத்து ரேக்குல இருக்குற பாக்கெட்டைக் கையில எடுத்துப் பாக்கணும். ரேட் ஏறுற அன்னைக்குத்தான் இது முக்கியம், இறங்குற அன்னைக்கு தொல்லை இல்ல.

ரேட் 3,200 இருக்கும்போது பேக் பண்ணுன பாக்கெட்ல 50 கிராமுக்கு 180, 100-க்கு 350, 250-க்கு 850, 500-க்கு 1,700-ன்னு எம்.ஆர்.பி. அடிச்சிருக்கோம்னு வச்சுக்கோங்க. இப்ப புது ரேட்டுல 100 கிராம் 355 வருது. 350-ன்னு அடிச்ச பாக்கெட்டை 355-க்கு விக்க முடியாது, எம்.ஆர்.பி.-க்கு மேல விக்கிறது சட்டப்படி தப்பு. மேல வேற ஸ்டிக்கர் ஒட்டி கூட்டவும் கூடாது, ஸ்டிக்கர் ஒட்டுறது விலையக் குறைக்குறதுக்கு மட்டும்தான், அப்பவும் பழைய விலை மறையக் கூடாது.

அதனால பேனல்ல `Price` கட்டத்துல 355-ன்னு போட்டா சிவப்பு எழுத்துல `Price cannot exceed MRP`ன்னு கத்தும். இங்கதான் எல்லாரும் ஒரு காரியம் பண்றீங்க, மேல இருக்குற `MRP` கட்டத்துல 350-ஐ 400-ஆக்கிட்டு சிவப்பை விரட்டிடுறீங்க. பேனல் நம்பிடும், அதுக்கு ரேக்குல என்ன இருக்குன்னு தெரியாது. ஆனா கோயம்புத்தூர்ல பார்சலப் பிரிக்குற ஆளு 355 கட்டிட்டு பாக்கெட்ல 350-ஐப் பாப்பாரு. அஞ்சு ரூபாய்க்காக ஒரு கஸ்டமர் போயிடுவாரு, கேஸ் போட்டா அது வேற.

சிவப்பு வந்தா விலையை எம்.ஆர்.பி. அளவுக்கு இறக்குங்க. நம்ம கணக்குல 50 கிராம் 180 சரியா பொருந்துது, 100 கிராம் 350-ல நிறுத்தணும், 250 கிராம் 850, 500 கிராம் 1,700. கிராம் கணக்கு இப்ப 3.60, 3.50, 3.40, 3.40, ஏறல, நல்லது. பழைய சரக்கு தீந்து புது எம்.ஆர்.பி. அடிச்ச பாக்கெட் ரேக்குக்கு வந்துடுச்சுன்னு பேக்கிங்ல இருந்து சொன்னதுக்கு அப்புறம்தான் `MRP` கட்டத்தைத் தொடணும், அதுவும் எந்த சைஸ் தீந்துச்சோ அந்த சைஸ்க்கு மட்டும். 100 கிராம் ஓடித் தீந்திருக்கும், 500 கிராம் அப்படியே உக்காந்திருக்கும், அது சகஜம்.

இப்ப பேனல்

`Products`ல போயி தேடுற கட்டத்துல `ELK8`ன்னு அடிங்க. "ஏலக்காய்"னு தேடுனா ஏழு எம்.எம்., உடைஞ்ச காய், ஏலப்பொடி எல்லாம் சேந்து வரும், அவசரத்துல வேற ஒண்ணுல கை வச்சிடுவீங்க. உள்ள போனதும் மேல ஒரு பெரிய `Price` கட்டம் தெரியும். அதைத் தொடாதீங்க. அது "இத்தனை ரூபாயிலிருந்து"ன்னு லிஸ்ட்ல காட்டுறதுக்கு மட்டும், தானாவே மாறிக்கும். நிஜ விலை கீழ `Variants`ல இருக்கு, `ELK8-050`, `ELK8-100`, `ELK8-250`, `ELK8-500`ன்னு நாலு வரி. "மாத்துனேன், மாறவே இல்ல"ன்னு வர்ற போன்ல பாதி இந்த மேல் கட்டத்தை மாத்துனவங்கதான். அதைப் பூட்டி வச்சிருக்கணும், அடுத்த அப்டேட்ல பண்ணிடுறேன்.

நம்பர் அடிக்கும்போது கமா வேணாம். 1,700 இல்ல, வெறும் 1700. இதுக்கு பின்னால ஒரு கதை இருக்கு. ஆரம்பத்துல நான் எழுதுன கோடு கமாவைப் பாத்ததும் அங்கயே நின்னுடும், அதுக்கு முன்னாடி இருக்குற நம்பரை மட்டும் எடுத்துக்கும். ஒரு நாள் சாயங்காலம் பில்லிங் அக்கா நோட்டுல எழுதுற மாதிரியே அழகா `1,630`ன்னு அடிச்சிட்டு கம்பம் பஸ் ஏறிட்டாங்க. அரைக்கிலோ ஏலக்காய் ஒரு ரூபாய்னு சைட்ல நிக்குது. காலைல வந்து பாத்தா பதினோரு ஆர்டர், அதுல ஒருத்தரு மட்டும் ஆறு பாக்கெட். ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டு காசைத் திருப்பி அனுப்புனோம், அக்கா அழுதே போச்சு. தப்பு அக்காவோடது இல்ல, என்னோடது, நம்ம ஊர்ல யாரும் கமா இல்லாம ஆயிரம் எழுத மாட்டாங்கன்னு எனக்குத் தோணிருக்கணும். இப்ப கமா போட்டா பேனல் ஏத்துக்காது, பழைய விலையிலிருந்து பாதிக்குக் கீழ போனா "நிஜமாவா?"ன்னு ஒரு பெட்டி வந்து கேக்கும். அந்தப் பெட்டி வந்தா படிக்காம ஓகே தட்டாதீங்க, கையெடுத்துட்டு சீட்டை ஒரு தடவ பாருங்க.

நாலு வரியும் முடிச்சிட்டு `Save`, அதுக்கு அப்புறம் `Publish`. ரெண்டும் வேற வேற. `Save` பண்ணுனா பேனலுக்குள்ள மட்டும் இருக்கும், `Publish` பண்ணாதான் கஸ்டமருக்குப் போகும். பேர் பக்கத்துல ஆரஞ்சு புள்ளி நின்னா இன்னும் போகலைன்னு அர்த்தம், பச்சை ஆச்சுன்னா போயிடுச்சு. நாலு சைஸும் முடியிறதுக்கு முன்னாடி `Publish` தட்டாதீங்க, பாதி புது ரேட் பாதி பழைய ரேட்னு நின்னா 250 கிராம விட ரெண்டு நூறு கிராம் ஒரு அம்பது கிராம் வாங்குறது லாபம்னு கண்டுபிடிக்க ஆளு இருக்கு.

ஏற்கனவே வந்த ஆர்டருக்கு பழைய விலைதான், அது மாறாது. கூடையில போட்டு வச்சிட்டு இன்னும் காசு கட்டாதவங்களுக்கு, கட்டுற நேரத்துல புது விலை வந்துடும். "அப்ப வேற விலை இருந்துச்சே"ன்னு யாராவது போன் போட்டா இதான் காரணம், சண்டை போடாம சொல்லிடுங்க.

ரெண்டு பேர் ஒரே நேரத்துல திறந்தா

இதை கொஞ்சம் பொறுமையா படிங்க, விலையும் போட்டோவும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிற இடம் இதுதான்.

நம்ம பேனல்ல ஒரு பொருளைத் திறந்தா அந்த நிமிஷம் இருக்குற எல்லா விவரமும் உங்க ஸ்கிரீனுக்கு வந்துடும், விலை, போட்டோ, பேர் எல்லாம். `Save` தட்டுனா அந்த மொத்தமும் திரும்பிப் போகும், நீங்க மாத்துனது மட்டும் இல்ல. இப்ப பாருங்க, மத்தியானம் ரெண்டு மணிக்கு அக்கா போட்டோ மாத்தலாம்னு `ELK8`-ஐத் திறந்து வச்சிட்டு கஸ்டமர் வந்தாங்கன்னு எழுந்து போயிட்டாங்க. நாலு மணிக்கு தம்பி வேற கம்ப்யூட்டர்ல புது ரேட் போட்டு `Publish` பண்ணிட்டான், பச்சைப் புள்ளியும் பாத்துட்டான். அஞ்சரைக்கு அக்கா திரும்பி வந்து போட்டோவை ஏத்திட்டு `Save`, `Publish`. அக்கா ஸ்கிரீன்ல இருந்தது ரெண்டு மணி விலை. அது போயி தம்பி போட்ட புது ரேட்டை அழிச்சிடுச்சு. அக்காவும் பொய் சொல்லல, தம்பியும் பொய் சொல்லல, ஆனா ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் முறைச்சிக்கிட்டு நிக்கிறாங்க. போன மாசம் நடந்தது இதேதான்.

இதுக்கு வழி சுலபம். அஞ்சு நிமிஷத்துக்கு மேல திறந்து கிடந்த பக்கத்துல எதையும் மாத்தாதீங்க, முதல்ல `F5` தட்டி புதுசா வரவைங்க. ரேட் மாறுற அன்னைக்கு முதல்ல விலை, அது பச்சை ஆனதுக்கு அப்புறம்தான் போட்டோ, ரெண்டையும் ஒரே ஆள் பண்றது இன்னும் நல்லது. சந்தேகமா இருந்தா `History`ல போனா எந்த லாகின்ல எத்தனை மணிக்கு என்ன மாறுச்சுன்னு வரி வரியா இருக்கும், பழையதுக்குப் பக்கத்துல `Restore` தட்டுனா திரும்ப வந்துடும். அதனாலதான் ஒருத்தர் லாகின்ல இன்னொருத்தர் வேலை பாக்காதீங்கன்னு சொல்றது.

இன்னொண்ணு, அரை மணி நேரம் சும்மா விட்டா பேனல் தானா லாக்-அவுட் ஆகிடும். அப்புறம் `Save` தட்டுனா லாகின் பக்கம் வந்து நிக்கும், நீங்க அடிச்சது சேவ் ஆகியிருக்காது, திரும்ப அடிக்கணும். பேப்பர்ல எழுதச் சொன்னதுக்கு அதுவும் ஒரு காரணம்.

போட்டோ எடுக்குறது

ஏலக்காய்க்கு கலர்தான் விலை. நல்ல பச்சை ஒரு ரேட், வெளுத்தது ஒரு ரேட். போட்டோல பச்சையா காட்டிட்டு பார்சல்ல வெளுத்தது போனா திரும்பி வரும், ஷிப்பிங் காசும் நம்ம தலையில. அதனால போட்டோ அழகா இருக்குறத விட உள்ளது உள்ளபடி இருக்கணும்.

கடைக்குள்ள ட்யூப் லைட்டுக்குக் கீழ எடுக்காதீங்க, ஒரு மாதிரி பச்சை பூசின மாதிரி வரும், பழைய காய் கூட நல்லா தெரியும், அதான் ஆபத்து. வாசல் படிக்கு உள்பக்கம், வெயில் நேரா விழாத வெளிச்சத்துல எடுங்க. கீழ வெள்ளை ஏ4 பேப்பர். வாழை இலை, சிவப்பு பட்டுத் துணி எல்லாம் போட்டா போன் கேமரா குழம்பி காயோட கலரை மாத்திடும். எடுத்த போட்டோல பேப்பர் வெள்ளையா தெரிஞ்சா காய் கலரும் சரி, பேப்பர் மஞ்சளாவோ நீலமாவோ தெரிஞ்சா திரும்ப எடுங்க. ஃபில்டர், `HDR`, பியூட்டி எதுவும் வேணாம். எட்டு எம்.எம்.-னு எழுதிட்டா யாருக்கும் புரியாது, ஒரு போட்டோல பக்கத்துல ஒரு ரூபாய் காசு வைங்க, சைஸ் தன்னால தெரியும்.

ஒரு பொருளுக்கு மூணு போட்டோ போதும். பாக்கெட் முன்பக்கம், காய் கிட்டத்துல காசோட, பாக்கெட் பின்பக்கம் எம்.ஆர்.பி.-யும் பேக்கிங் தேதியும் தெரியுற மாதிரி. இந்த மூணாவது போட்டோவை மறந்துடாதீங்க. எம்.ஆர்.பி. மாறுன அன்னைக்கு விலைக் கட்டத்தை மட்டும் மாத்திட்டு இதை விட்டுடுறீங்க, சைட்ல 390-ன்னு இருக்கும், போட்டோல பாக்கெட் மேல 350-ன்னு இருக்கும், பெருசு பண்ணிப் பாக்குற கஸ்டமர் ஸ்கிரீன்ஷாட் அனுப்புவாரு.

போட்டோ ஏத்துறது

போன்ல எடுத்ததும் கேலரியிலேயே சதுரமா கிராப் பண்ணி சேவ் பண்ணுங்க. சதுரமா இல்லாட்டி பேனல் தானா நடுவுல வெட்டிக்கும், பாக்கெட் தலை போயிடும். படுத்த மாதிரி திரும்பி ஏறுதுன்னு சொல்றீங்களே, அதுவும் கிராப் பண்ணி சேவ் பண்ணுனா பெரும்பாலும் சரியாகிடும்.

போன்லேந்து கடை கம்ப்யூட்டருக்கு வாட்ஸாப்ல போட்டோவா அனுப்புனா அது நசுக்கி அனுப்பும், பெருசு பண்ணுனா காய் மேல இருக்குற வரியெல்லாம் வழிஞ்ச மாதிரி இருக்கும். டாக்குமெண்ட்டா அனுப்புங்க, அப்படியே வரும். இல்லாட்டி போன்லயே பேனலைத் திறந்து நேரா ஏத்துங்க, எனக்குப் புடிச்சது அதுதான். ஐபோன் வச்சிருக்குறவங்க செட்டிங்ஸ்ல `Camera`, `Formats`ல போயி `Most Compatible` வச்சுக்கோங்க, இல்லாட்டி `.heic`னு வரும், நம்ம பேனல் அதை எடுக்காது. 1200-க்கு 1200 இருந்தா போதும், 5 எம்.பி.-க்கு மேல போனா ஏறாது.

ஃபைல் பேர்ல எப்பவும் தேதி இருக்கட்டும், இந்த மாதிரி:

```
elk8-100-front-0612.jpg
elk8-100-coin-0612.jpg
elk8-100-back-0612.jpg
```

இது எதுக்குன்னா, பழைய போட்டோவும் புது போட்டோவும் ஒரே பேர்ல இருந்தா கஸ்டமரோட பிரவுசர் "இது எங்கிட்ட ஏற்கனவே இருக்கே"ன்னு பழசையே காட்டிட்டு இருக்கும். பேர் மாறுனா புதுசுன்னு தெரிஞ்சு எடுத்துக்கும். "போட்டோ போட்டேன், பழசே நிக்குது"ன்னு வர்ற போன் எல்லாம் இதுதான். பேர்ல தமிழ் எழுத்து, ஸ்பேஸ் வேணாம்.

`Images`ல ஏத்துனதும் அது கடைசியில போயி நிக்கும். புது முன்பக்கப் போட்டோ மேல `Set as main` தட்டுங்க, லிஸ்ட்ல அதுதான் தெரியும். புதுசு சரியா வந்துடுச்சுன்னு பாத்ததுக்கு அப்புறம்தான் பழசை டெலீட் பண்ணுங்க, முதல்லயே டெலீட் பண்ணிட்டு நெட் போயிடுச்சுன்னா பொருள் இருக்கும், படம் இருக்காது. மழை நாள்ல குமுளி நெட்டைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா. ஒவ்வொரு சைஸ்க்கும் தனிப் போட்டோ இருக்கு, 100 கிராம் பாக்கெட் படம் 500 கிராம் வரியில போய் உக்காந்திருக்கான்னு ஒரு பார்வை பாத்துக்கோங்க.

கஸ்டமர் கண்ணுல பாருங்க

பேனல்ல பச்சைப் புள்ளி வந்ததோட கிளம்பிடாதீங்க. உங்க போன்ல வைஃபையை ஆஃப் பண்ணிட்டு, குரோம்ல `Incognito` திறந்து, சைட்டுக்குப் போயி எட்டு எம்.எம்.-ஐத் திறங்க. நாலு சைஸையும் ஒவ்வொண்ணா தட்டி விலையைச் சீட்டோட ஒத்துப் பாருங்க. அப்புறம் 500 கிராமைக் கூடையில போட்டு காசு கட்டுற பக்கம் வரைக்கும் போங்க, அங்க 1,700 காட்டுதான்னு பாத்துட்டு வெளிய வந்துடுங்க. ரெண்டு நிமிஷ வேலை. கடை கம்ப்யூட்டர்லயே பாத்தா பழைய பக்கம் நிக்கலாம், அங்க பாத்தே ஆகணும்னா `Ctrl+Shift+R` தட்டிட்டு பாருங்க.

வாட்ஸாப்ல லிங்க் அனுப்பும்போது சின்னப் படம் ஒண்ணு கூடவே வரும்ல, அது மட்டும் கொஞ்ச நாளைக்கு பழசாவே வரலாம். அது வாட்ஸாப் பிடிச்சு வச்சிருக்குறது, நம்ம பேனல்ல தப்பு இல்ல, லிங்க்கைத் திறந்தா புதுசுதான் இருக்கும். அதுக்காக ராத்திரி பத்து மணிக்கு எனக்கு போன் போட வேணாம். விலை தப்பா `Publish` ஆகிடுச்சுன்னா மட்டும் எந்த நேரமும் போடுங்க, ஆனா அதுக்கு முன்னாடி அந்த வரியில `Hide` தட்டி சைஸை மறைச்சிடுங்க.